ஒரே காற்றாலை, இரண்டு கணக்கு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் ஆரல்வாய்மொழியையும் முப்பந்தலையும் கடக்கும்போது சாலையின் இருபுறமும் காற்றாலைகள் நிற்கும். அவற்றில் பலவற்றின் உரிமையாளர்கள் மின்சாரத் தொழிலைத் தொடக்கத்திலிருந்தே செய்தவர்கள் அல்லர். கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும்தான் அங்கே பணம் போட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் காற்று பலமாக வீசுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் வருமான வரிக் கணக்கில் இருந்தது. காற்றாலையின் விலையில் மிகப் பெரிய பங்கை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது.

அந்தக் காற்றாலைக்கு அதே நிறுவனத்தின் இரண்டு கணக்குகளில் இரண்டு வெவ்வேறு மதிப்புகள் இருக்கும். பங்குதாரர்களுக்குக் காட்டும் ஆண்டறிக்கையில் அது ஐந்தாண்டுக்குப் பிறகும் விலையில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்புள்ள சொத்து. வருமான வரித்துறைக்குப் போகும் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. இரண்டுமே சட்டப்படி சரியான கணக்குகள்தான். தேய்மானத்தைக் கணக்கிடும் முறை மட்டும் வேறு.

தேய்மானம் என்பது கையிலிருந்து போகும் பணம் அல்ல. பணம் இயந்திரம் வாங்கிய நாளிலேயே போய்விட்டது. பத்துக் கோடி ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் இருபது வருடம் உழைக்கும் என்றால், அந்தப் பத்துக் கோடியை வாங்கிய வருடத்தின் செலவாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. அந்த ஆண்டு பெரும் நட்டமும் அடுத்த ஆண்டுகளில் பொய்யான கொழுத்த லாபமும் தெரியும். எனவே அதை உழைக்கும் காலம் முழுவதற்கும் பகிர்ந்து எழுதுகிறார்கள். எப்படிப் பகிர்வது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

நேர்கோட்டு முறையில் எல்லா ஆண்டுக்கும் ஒரே தொகை. விலையிலிருந்து கடைசியில் கிடைக்கக்கூடிய கழிவு மதிப்பை நீக்கி, மீதியை ஆயுட்காலத்தால் வகுத்தால் போதும். குறைந்துசெல் மதிப்பு முறையில் மாறாமல் இருப்பது விகிதம், தொகை அல்ல. ஆண்டு தொடக்கத்தில் ஏட்டில் மிஞ்சியிருக்கும் மதிப்பின் மீது அந்த விகிதத்தைப் போடுகிறோம். முதல் ஆண்டு முழு விலையின் மீது, இரண்டாம் ஆண்டு கழித்தது போக உள்ள மீதியின் மீது என்று போவதால் தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். மீதி ஒருபோதும் சுழியைத் தொடாது. மிகச் சிறியதாகிக்கொண்டே போகும்.

இரண்டாவது முறைக்குக் கணக்காளர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. இயந்திரம் புதிதாக இருக்கும்போது பழுது குறைவு. வயதாக ஆகப் பழுதுச் செலவு ஏறும். தேய்மானம் இறங்கிக்கொண்டும் பழுதுச் செலவு ஏறிக்கொண்டும் போனால் இரண்டும் சேர்ந்த ஆண்டுச் சுமை ஏறக்குறைய சமமாக இருக்கும். காற்றாலைக்கும் இது ஓரளவு பொருந்தும், கியர்பாக்ஸ் மாற்றும் பெரிய செலவுகள் பிற்காலத்தில்தான் வரும் என்பதால். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் காற்றாலைக்கு இருக்கும் விகிதத்துக்கு இந்த நியாயம் போதாது. இப்போது அது ஆண்டுக்கு 40 சதவீதம். எந்தக் காற்றாலையும் ஒரே ஆண்டில் பத்தில் நான்கு பங்கு தேய்வதில்லை. அந்த எண் இயந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லவில்லை. முதலீடு வரவேண்டும் என்று அரசு விரும்பியதைச் சொல்கிறது.

கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை காற்றாலைக்கு 22 ஆண்டு ஆயுள் தருகிறது. கழிவு மதிப்பு பொதுவாக விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டறிக்கைக்கு இதை நேர்கோட்டு முறையில் எழுதுகின்றன. வரிக் கணக்கில் 40 சதவீதக் குறைந்துசெல் முறை. இனி ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நூற்பாலை நிறுவனம் ஏப்ரல் மாதத்தில் பத்துக் கோடி ரூபாய்க்கு ஒரு காற்றாலையை ஓடவிடுகிறது. நூல் வியாபாரத்தில் வரும் லாபம், மின்சாரத்தால் மிச்சமாவது எல்லாம் சேர்த்து, காற்றாலைத் தேய்மானத்தைக் கழிக்கும் முன் ஆண்டுக்கு ஐந்து கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் அதே ஐந்து கோடிதான். அப்போதுதான் தேய்மானத்தால் மட்டும் என்ன மாறுகிறது என்று தெரியும். நிறுவனம் 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து அது 25 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கணக்கு எளிதாக இருக்க 25 என்றே கொள்வோம்.

வரிக் கணக்கிலும் நேர்கோட்டு முறைதான் என்றால், கழிவு மதிப்பான 50 லட்சம் போக ஒன்பதரைக் கோடியை 22ஆல் வகுக்க, ஆண்டுக்கு 43.2 லட்சம் தேய்மானம். வரிக்குரிய லாபம் 456.8 லட்சம். வரி 114.2 லட்சம். இருபத்திரண்டு ஆண்டும் இதே மூன்று எண்கள்தான்.

குறைந்துசெல் முறையில் முதல் ஆறு ஆண்டுகள் இப்படிப் போகும் (எல்லாம் லட்சம் ரூபாயில்):

| ஆண்டு | தேய்மானம் | வரிக்குரிய லாபம் | வரி |
|---|---|---|---|
| 1 | 400.0 | 100.0 | 25.0 |
| 2 | 240.0 | 260.0 | 65.0 |
| 3 | 144.0 | 356.0 | 89.0 |
| 4 | 86.4 | 413.6 | 103.4 |
| 5 | 51.8 | 448.2 | 112.0 |
| 6 | 31.1 | 468.9 | 117.2 |

ஆலையில் எதுவுமே மாறவில்லை. அதே நூல், அதே காற்று, அதே ஐந்து கோடி. ஆனால் வரிக்குரிய லாபம் முதல் ஆண்டில் ஒரு கோடியாகத் தொடங்கி ஐந்து கோடியை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. கட்டும் வரி 25 லட்சத்திலிருந்து ஆறாம் ஆண்டில் 117 லட்சமாகிவிட்டது. கவனிக்க வேண்டியது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள திருப்பம். ஐந்தாம் ஆண்டு வரை தேய்மானம் 43.2 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஆறாம் ஆண்டில் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அதுவரை நேர்கோட்டு முறையைவிடக் குறைவாக வரி கட்டிய நிறுவனம், அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதிகமாகக் கட்டும். ஆறாம் ஆண்டில் மூன்று லட்சம் அதிகம். பத்தாம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய பத்து லட்சம். பிறகு அந்த அளவிலேயே கடைசி வரை போகும்.

முதல் ஐந்தாண்டில் மிச்சமான வரியைக் கூட்டினால் 176.6 லட்சம் வருகிறது. மீதிப் பதினேழு ஆண்டுகளில் அது சிறுகச் சிறுகத் திரும்பிப் போகிறது. இருபத்திரண்டாம் ஆண்டு முடிவில் வரி ஏட்டில் காற்றாலையின் மதிப்பு 1,316 ரூபாய்தான். பழைய இரும்பாக அதை 50 லட்சத்துக்கு விற்றால், கிட்டத்தட்ட முழுத் தொகைக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும். நேர்கோட்டு முறையில் ஏட்டு மதிப்பு அப்போது சரியாக 50 லட்சமாக இருப்பதால் விற்பனையில் லாபமும் இல்லை, வரியும் இல்லை. இதையும் சேர்த்துக் கூட்டினால் இரு முறையிலும் மொத்தத் தேய்மானம் ஒன்பதரைக் கோடிதான். மொத்த வரியும் ஒரு ரூபாய் கூடக் கூடுவதில்லை, குறைவதில்லை.

அப்படியானால் நூற்பாலைகள் ஏன் இதற்காக முப்பந்தல் வரை வந்தன? காலத்துக்கு விலை உண்டு என்பதால். இன்று கட்டாமல் விட்ட ஒரு ரூபாய் வரியும், பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டப்போகும் ஒரு ரூபாய் வரியும் ஒன்றல்ல. ஆலைக்கு வங்கிக் கடனின் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், அந்த விகிதத்தில் எதிர்கால மிச்சங்களை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரலாம். நேர்கோட்டுத் தேய்மானத்தால் மிச்சமாகும் வரியின் இன்றைய மதிப்பு சுமார் 95 லட்சம். குறைந்துசெல் முறையில், கடைசியில் கட்டும் வரியைக் கழித்த பிறகும், ஏறத்தாழ 198 லட்சம். வித்தியாசம் ஒரு கோடியைச் சற்றே தாண்டுகிறது. பத்துக் கோடிக் காற்றாலையை ஒன்பது கோடிக்கு வாங்கியதற்கு ஒப்பான பலன் அது. உண்மையில் அரசு கொடுப்பது வட்டியில்லாக் கடன். முதல் ஐந்தாண்டில் 176 லட்சம் வரை கொடுத்துவிட்டு, பதினேழு ஆண்டுகளில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. காற்றாலைக்கு வாங்கிய வங்கிக் கடனின் தவணைகள் கனமாக இருக்கும் ஆண்டுகளும் பெரும்பாலும் அதே முதல் சில ஆண்டுகள்தான்.

இந்தக் கடன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. மேலே உள்ள கணக்கில் நாலு கோடித் தேய்மானத்தைத் தாங்குவதற்கு நூல் லாபம் இருந்தது. காற்றாலையை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு ஆண்டு வருமானம் ஒன்றரைக் கோடி என்று வையுங்கள். முதல் ஆண்டு நாலு கோடித் தேய்மானத்தில் ஒன்றரைக் கோடிதான் ஈடாகும். மீதி இரண்டரைக் கோடி அடுத்த ஆண்டுக்குப் போகும். சட்டம் அதைக் காலவரம்பின்றி எடுத்துச்செல்ல விடுகிறது. அந்த நிறுவனம் ஆறாண்டு வரை வரியே கட்டாது. கேட்க நன்றாக இருந்தாலும், முதல் ஆண்டில் அதற்கு மிச்சமாவது ஒன்றரைக் கோடியின் மீதான வரி மட்டுமே. நூற்பாலைக்கு அதே ஆண்டில் நாலு கோடியின் மீதான வரி மிச்சமாயிற்று. ஒரே இயந்திரம், ஒரே விகிதம். வேறு லாபம் உள்ளவருக்குப் பலன் உடனே, இல்லாதவருக்குத் தவணையில். தமிழகத்துக் காற்றாலைகளை ஆலைக்காரர்கள் அவ்வளவு பேர் நிறுவியதன் அடியில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மேலே ஏப்ரல் மாதம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒரு சொத்து அதை வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால், அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால், லீப் நாள் வராத நிதியாண்டில் அக்டோபர் 3ஆம் தேதிக்குள் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் நம் ஆலைக்கு முதலாண்டுத் தேய்மானம் நாலு கோடியிலிருந்து இரண்டு கோடியாகிவிடும். அந்த ஆண்டின் வரி 25 லட்சத்துக்குப் பதில் 75 லட்சம். போனது திரும்பாமல் இல்லை. மிஞ்சிய எட்டுக் கோடியின் மீது அடுத்த ஆண்டு 320 லட்சம் கழியும். ஆனால் கடன் கைக்கு வருவது தாமதமாகிறது. வாங்கிய தேதியோ பணம் கொடுத்த தேதியோ இங்கே செல்லாது. இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்த நாளைத்தான் பார்ப்பார்கள். காற்றாலை என்றால் மின்வாரியம் இயக்கச் சான்றிதழ் தந்த தேதியை முதலில் கேட்பார்கள்.

அதே விதியின் மறுபக்கம் வியப்பூட்டும். மார்ச் 31 அன்று ஒரே ஒரு நாள் ஓடினாலும் அந்த ஆண்டுக்குப் பாதி விகிதமான 20 சதவீதம் கிடைத்துவிடும். மறுநாள் தொடங்கும் ஆண்டில் மீதியின் மீது 40 சதவீதம். ஓடத் தொடங்கிய ஓராண்டுக்குள் இரண்டு வரிக் கணக்குகளில் விலையின் 52 சதவீதம் கழிந்துபோகிறது. செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் காற்றாலை நிறுவும் வேலை முண்டியடித்து நடந்ததற்கு இது காரணம். தமிழகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. செப்டம்பர் 30 அன்று சுழலத் தொடங்கும் காற்றாலை அந்த ஆண்டின் நல்ல காற்றைத் தவறவிட்டுவிடுகிறது. அதற்காக அதன் உரிமையாளர் பெரிதாகக் கவலைப்படவில்லை என்றால், அவருடைய முதல் ஆண்டுக் கணக்கில் காற்றைவிடத் தேய்மானம் பெரிது என்று பொருள்.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. விரைவுத் தேய்மானம் காற்றாலை நிறுவியதற்குக் கிடைக்கும் பலன். மின்சாரம் எடுத்ததற்குக் கிடைப்பதல்ல. நல்ல கணவாயில் நிறுவினாலும் காற்று குறைந்த இடத்தில் நிறுவினாலும் பத்துக் கோடிக்கு நாலு கோடிதான் கழிக்கலாம். 1990களில் முதலாண்டிலேயே 100 சதவீதம் கழிக்க முடிந்தது. அப்போது முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் பெருகின. 1996ஆம் ஆண்டு பட்ஜெட் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தது. வரிக் கணக்கில் லாபத்தைக் கரைத்துவிட்ட நிறுவனமும், தன் ஆண்டறிக்கையில் காட்டும் லாபத்தின் அடிப்படையில் ஒரு குறைந்த அளவு வரியாவது கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டறிக்கையில் இருப்பது மெதுவான தேய்மானம். எனவே அங்கே லாபம் மறைவதில்லை. இரண்டு கணக்குகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிக்கு அது ஒரு கடிவாளம் போட்டது.

பிறகு விகிதம் 80 சதவீதமாகி நெடுநாள் இருந்தது. 2011-12இல் கம்பெனி வரி ஏறத்தாழ 32 சதவீதம். பத்துக் கோடிக் காற்றாலைக்கு முதலாண்டில் எட்டுக் கோடி கழியும். போதிய லாபம் உள்ள நிறுவனத்துக்குச் சாதாரண வரிக் கணக்கில் இரண்டரைக் கோடிக்கு மேல் அந்த ஆண்டிலேயே மிச்சம். 2009 டிசம்பரில் மத்திய அரசு வேறொரு வழியையும் திறந்தது. விரைவுத் தேய்மானத்தை எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு, மின்தொகுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. ஓடினால்தான் பணம் வரும். வேறு லாபம் இல்லாத மின்னுற்பத்தி நிறுவனங்களுக்கு இதுதான் பொருத்தமான வழி. 2012 ஏப்ரலிலிருந்து புதுக் காற்றாலைகளுக்கு 80 சதவீதத்தை நீக்கி, மற்ற இயந்திரங்களைப் போல 15 சதவீதமாக்கினார்கள். முதலாண்டில் 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் மட்டும் மின்னுற்பத்திக்கும் கிடைத்தது. யூனிட்டுக்கான ஊக்கத்தொகையும் அதே நேரத்தில் நின்றுபோனது. நாடு முழுவதும் 2011-12இல் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டில் அது சுமார் 1,700 மெகாவாட். மின்வாரியங்கள் பாக்கி வைத்தது, மின்கடத்துப் பாதைகள் போதாமல் போனது போன்ற காரணங்களும் உண்டென்றாலும், தேய்மான விகிதத்தின் பங்கை மறுக்க முடியாது. 2014இல் 80 சதவீதம் மீண்டும் வந்தது. 2017 ஏப்ரல் முதல் எல்லாச் சொத்துக்கும் உச்சவரம்பு 40 சதவீதமாயிற்று.

வாங்கும்போது எல்லோரும் பார்க்கும் கணக்கு இது. விற்கும்போது வரும் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. நம் நூற்பாலை ஐந்தாண்டு முடிந்து ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் காற்றாலையை ஆறு கோடிக்கு விற்கிறது என்று வைப்போம். கையில் ஆறு கோடி. ஆனால் வரி ஏட்டில் மதிப்பு 77.8 லட்சம்தான். வித்தியாசமான 522 லட்சம், ஐந்தாண்டு வைத்திருந்த சொத்தாக இருந்தாலும், குறுகிய கால மூலதன ஆதாயமாகவே கொள்ளப்படும். 25 சதவீதத்தில் அதற்கு வரி 130 லட்சம். பத்துக் கோடிக்கு வாங்கி ஆறு கோடிக்கு விற்றவர் ஆதாய வரி கட்டுகிறார் என்பது முதலில் அநியாயமாகத் தோன்றும். அவர் உண்மையில் இழந்தது நாலு கோடி. அவர் அதுவரை கழித்ததோ 922 லட்சம். கூடுதலாகக் கழித்த 522 லட்சத்தைத்தான் சட்டம் திரும்பக் கேட்கிறது. வட்டியில்லாக் கடன் முன்கூட்டியே வசூலாகிறது, அவ்வளவுதான். இதை மறந்துவிட்டு விற்பனைப் பணம் முழுவதையும் வங்கிக் கடனுக்குக் கட்டிவிடும் நிறுவனம் முன்வரி கட்டும் தேதியில் திணறும்.

இந்த வசூலைத் தள்ளிப்போடவும் இடமிருக்கிறது. இந்திய வரிச் சட்டம் சொத்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே வகையும் ஒரே விகிதமும் உள்ளவற்றை ஒரே தொகுதியாகச் சேர்த்துவிடுகிறது. விற்ற பணம் அந்தத் தொகுதியின் மீதியிலிருந்து கழியும். கழித்த பிறகும் மீதி இருந்து, தொகுதியில் ஒரு சொத்தாவது இருந்தால் ஆதாயம் என்று எதுவும் எழாது. நம் ஆலை அதே நிதியாண்டில் எட்டுக் கோடிக்கு இன்னொரு காற்றாலையை வாங்கியிருந்தால், தொகுதியின் மீதி 877.8 லட்சமாகும், அதில் ஆறு கோடி போக 277.8 லட்சம் நிற்கும். 130 லட்ச வரி இந்த ஆண்டு வராது. புதுக் காற்றாலைக்கு எட்டுக் கோடியின் மீது கழிக்க வேண்டியவர் 277.8 லட்சத்தின் மீது மட்டும் கழிப்பார். வரி அந்த வழியாகப் பிறகு வந்து சேரும். சூரிய மின்பலகைகளுக்கும் கணினிகளுக்கும் 40 சதவீதம்தான் என்பதால், ஆலை அலுவலகத்துக் கணினியும் காற்றாலையும் வரிக் கணக்கில் ஒரே தொகுதியில் இருக்கின்றன.

ஒரு நிறுவனம் இந்தக் கடனில் எங்கே நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நம் ஆலையின் முதலாண்டு அறிக்கையில் லாபம் 456.8 லட்சம், கட்டிய வரி 25 லட்சம். லாபத்தில் ஐந்தரை சதவீதம் மட்டுமே வரி என்று பார்ப்பவருக்கு ஏதோ ஏய்ப்பு போலத் தெரியும். அதற்குக் கீழேயே ‘ஒத்திவைக்கப்பட்ட வரி’ என்று 89.2 லட்சம் இருக்கும். இரண்டும் சேர்ந்து 114.2 லட்சம், அதாவது சரியாக 25 சதவீதம். கட்டாமல் தள்ளிவைத்த வரி, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகச் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது 176.6 லட்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். இந்தியாவில் 2001 முதல் படிப்படியாக இப்படிக் காட்டுவது கட்டாயமாயிற்று. அதற்கு முன் பொதுவாகக் கட்டிய வரியை மட்டுமே கழித்து நிகர லாபத்தைக் காட்டினார்கள். காற்றாலை வாங்கிய ஆண்டில் நிகர லாபம் துள்ளிக் குதிக்கும். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு காரணம் தெரியாமல் தளரும்.

அந்தப் பொறுப்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருந்தால் நிறுவனம் புதுப்புது இயந்திரம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கத் தொடங்கினால் வாங்குவது நின்றுவிட்டது. கையிலிருந்து போகும் வரி இனி லாபத்தின் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆண்டுக்கொரு காற்றாலை என்று வாங்கிப் பழகிய ஆலைகளுக்கு இந்தத் திருப்பம் கடினமானது. வாங்குவதை நிறுத்தினால் வரி ஏறும் என்பதாலேயே தேவையில்லாத இயந்திரத்தை வாங்குவது, ஒரு ரூபாய் வரியைத் தள்ளிப்போட நாலு ரூபாய் செலவழிப்பது. நான் பார்த்த வரையில் இந்தத் தவறைச் செய்யத் தூண்டுவது பெரும்பாலும் மார்ச் மாதத்து அவசரம்தான்.

எல்லோருக்கும் விரைவான தேய்மானமே நல்லது என்றும் சொல்ல முடியாது. கம்பெனியாக இல்லாமல் தனிநபராகத் தொழில் செய்பவருக்கு வரி படிப்படியாக ஏறும் விகிதங்களில் வருகிறது. ஒரே ஆண்டில் பெருந்தொகை கழிந்து வருமானம் சுழிக்கு இறங்கினால், வரியில்லாத வரம்பும் குறைந்த விகிதப் படிகளும் அந்த ஆண்டில் வீணாகின்றன. பிற்பாடு தேய்மானம் சுருங்கியபோது அதே வருமானம் 30 சதவீதப் படியில் மாட்டும். அவருக்கு ஆண்டுதோறும் ஒரே அளவு கழியும் நேர்கோட்டு முறை மொத்தத்திலேயே குறைந்த வரியைத் தரக்கூடும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடைய தொழிலைப் பொறுத்தது. மின்னுற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே வருமான வரிச் சட்டம் நேர்கோட்டு விகிதங்களையும் வைத்திருக்கிறது. உற்பத்தி தொடங்கிய ஆண்டின் வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதிக்குள் எந்த முறை என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. தறியோ லாரியோ வைத்திருப்பவருக்குக் குறைந்துசெல் முறை ஒன்றுதான்.

லாபம் இல்லாத ஆண்டில் தேய்மானத்தைக் கழிக்காமல் விட்டு, மதிப்பைக் குறையாமல் வைத்துக்கொண்டு, நல்ல ஆண்டில் கழிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மகேந்திரா மில்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டு நீதிமன்றம், தேய்மானம் கோருவது வரி செலுத்துபவரின் விருப்பம், கோராதவர் மீது அதைத் திணிக்க முடியாது என்றது. அடுத்த ஆண்டே சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். கோரினாலும் கோராவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே கொள்ளப்படும். அன்றிலிருந்து, பூட்டிக் கிடக்காமல் ஓடும் எந்த ஆலையிலும், நட்டமான ஆண்டிலும் தேய்மானம் ஏட்டிலிருந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆண்டில் ஈடாகாத பகுதி மட்டும் லாபம் வரும் ஆண்டுக்காகக் காத்திருக்கும்.